3.30 என்பது எத்தனை மணி?

கோயம்புத்தூர்ப் பக்கம் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்ன டிசைன் ஆபீஸ்களில் வேலை முழுக்கக் கணினியில்தான் நடக்கிறது. யார் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு நேரம் உழைத்தார் என்ற கணக்கு மட்டும் இன்னும் பல இடங்களில் கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதப்படுகிறது. வாரக் கடைசியில் டிராஃப்ட்ஸ்மேன் அந்தத் தாளைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். திங்கட்கிழமை காலை, கணக்கு பார்ப்பவர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனிக்கு எத்தனை மணி, எத்தனை ரூபாய், அதன்மேல் எவ்வளவு வரி என்று பிரித்து இன்வாய்ஸ் போட்டாக வேண்டும்.

இதில் கஷ்டமான இடம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் கையெழுத்தைத்தான் சொல்வார்கள். 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியவில்லை, படம் மங்கல், ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்பார்கள். அது தொல்லைதான். ஆனால் எண்ணைத் தப்பாகப் படித்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம், ஏனென்றால் ஒழுங்கான டைம்ஷீட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் போய்ச் சேர இரண்டு வழி இருக்கிறது. தொடக்க நேரமும் முடிவு நேரமும் ஒரு வழி; எழுதியவரே போட்ட மணி இன்னொரு வழி. பிடிபடாமல் இன்வாய்ஸ் வரை போகிற பிழை வேறு வகை. அது சரியாகப் படித்த ஒன்றுக்குத் தவறான பொருள் கொள்வதில் பிறக்கிறது.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு தாளை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்பது நல்லது. கீழே இருப்பது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட தாள். ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு சிக்கலும் இத்தகைய தாள்களில் வழக்கமாக வருவதே. ஒரே டிராஃப்ட்ஸ்மேன், ஒரு வாரம், மூன்று வாடிக்கையாளர்கள். முதலாவது கோவையிலேயே உள்ள பம்ப் கம்பெனி, மணிக்கு 600 ரூபாய். இரண்டாவது ஓசூரில் உள்ள வால்வு கம்பெனி, 650 ரூபாய். மூன்றாவது பெங்களூரில் உள்ள கியர் கம்பெனி, 800 ரூபாய். டிராஃப்ட்ஸ்மேன் கம்பெனிப் பெயரை முழுதாக எழுதுவதில்லை. பொருளின் பெயரே அவருக்குக் கம்பெனியின் பெயர்.

| நாள் | வேலை | தொடக்கம் | முடிவு | மணி |
|---|---|---|---|---|
| திங்கள் | பம்ப் | 9.30 | 1.00 | 3.30 |
| | வால்வு | 1.45 | 6.15 | 4.30 |
| செவ்வாய் | பம்ப் | 9.30 | 11.15 | 1.45 |
| | மீட்டிங் | 11.30 | 1.00 | 1.30 |
| | கியர் | 1.45 | 6.30 | 4.45 |
| புதன் | கியர் | 9.30 | 1.00 | 3.30 |
| | பம்ப் வால்வு | 1.45 | 4.05 | 2.20 |
| | வால்வு | 4.20 | 6.30 | 2.10 |
| வியாழன் | வால்வு | 9.40 | 1.00 | 3.20 |
| | பம்ப் | 1.45 | 6.15 | 4.30 |
| வெள்ளி | ,, | 9.30 | 1.00 | 3.30 |
| | கியர் | 1.45 | 5.00 | 3.15 |
| | கியர் | 10.00 | 12.40 | 2.40 |
| சனி | வால்வு | 9.30 | 1.15 | 3.45 |

முதலில் படம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் போகும். பேனாவால் வைத்த சின்னப் புள்ளிகள் அங்கேயே கரைந்துவிடும். டாக்குமெண்டாக இணைத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வரும். தாளின் நான்கு மூலைகளும் படத்துக்குள் இருக்க வேண்டும், நேர் மேலிருந்து எடுத்திருக்க வேண்டும். சாய்த்து எடுத்த படத்தில் கோடுகளும் சாய்ந்துவிடுவதால், இடப்பக்கம் ‘வால்வு’ என்று பார்த்துவிட்டு வலப்பக்கம் போகும் கண் அதற்கு அடுத்த வரியின் மணியில் போய் நிற்கும். எண்ணை மாற்றிப் படிப்பதைவிட இப்படி வரி மாறுவது ஆபத்தானது. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்தது படிப்பது. இதற்கு இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒருவரே பார்த்துத் தட்டுவது ஒன்று. ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டுவது இரண்டாவது. மென்பொருளிடம் கொடுத்து எடுப்பது மூன்றாவது. மென்பொருள் என்றால் எல்லாம் ஒன்றல்ல. 1980-களில் எச்.பி. நிறுவனத்தில் தொடங்கி 2005-இல் திறந்த மூலமாக வெளிவந்த டெசராக்ட் போன்றவை அச்செழுத்துக்காக உருவானவை. கையெழுத்தில் அவை தடுமாறும். கையெழுத்துக்கென்றே பழக்கப்படுத்தப்பட்ட புதியவை நன்றாகவே படிக்கின்றன. ஆனால் அவற்றுக்கு ஒரு குணம் உண்டு. மங்கலான இடத்தில் மனிதர் கேள்விக்குறி போடுவார். மென்பொருளோ பொருத்தமாகத் தோன்றும் எண்ணைச் சுத்தமாக எழுதிவைத்துவிடும். சந்தேகம் இருந்த இடம் எது என்ற தடயமே முடிவில் இருக்காது.

இரட்டிப்புச் சரிபார்ப்பு புதிய யோசனை அல்ல. துளையட்டைக் காலத்தில் ஒருவர் துளையிட்ட அட்டையை இன்னொருவர் அதே மூலத்தாளைப் பார்த்து மறுபடி தட்டுவார். ஐ.பி.எம். நிறுவனம் இதற்கென்றே ‘வெரிஃபயர்’ என்ற இயந்திரத்தை விற்றது. இரண்டு முறை தட்டியதும் ஒத்துப்போனால் அட்டையின் ஓரத்தில் ஒரு வெட்டு விழும். ஐந்து பேர் உள்ள ஆபீஸில் இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? அந்த இரண்டாவது ஆளின் வேலையைத் தாளில் உள்ள ‘மணி’ என்ற பத்தியே செய்துவிடும், அதை நாம் உண்மையிலேயே பயன்படுத்தினால். பலர் செய்கிற தவறு, தொடக்கம், முடிவு இரண்டையும் விட்டுவிட்டு ‘மணி’ பத்தியை மட்டும் தட்டிக் கூட்டுவது. நேரம் மிச்சமாகிறது, சரிபார்க்கும் வழி போய்விடுகிறது.

சனிக்கிழமை வரியைப் பாருங்கள். முடிவு நேரம் 1.15. அந்த 1 சற்றுத் தலை வளைந்து 7 போலத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 9.30 முதல் 7.15 வரை என்றால் ஒன்பதே முக்கால் மணி நேரம். எழுதியிருப்பதோ 3.45. இரண்டும் சேராததால் அந்த வரி தானாகவே கைதூக்கி நிற்கும். மறுபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். 3-ஐ 8 என்றும், 4-ஐ 9 என்றும், 0-ஐ 6 என்றும் படிக்கும் பிழைகள் எல்லாம் இந்த வலையில் விழும். இரண்டு வழியிலும் ஒரே அளவுக்குத் தப்பாகப் படித்தால்தான் தப்பிக்க முடியும், அது அரிது.

இனி தலைப்புக்கு வருவோம். நம் ஊரில் மணியை ஒன்பதரை என்று சொல்லி 9.30 என்று புள்ளி வைத்து எழுதுகிறோம். அதே கை, மூன்றரை மணி நேரத்தையும் 3.30 என்றே எழுதும். எழுதுபவருக்கு இதில் குழப்பமே இல்லை. எக்செல்லுக்கு மட்டும் அது மூன்று முழு எண்ணும் நூற்றில் முப்பதும். தட்டியவுடன் கடைசிச் சுழியையும் விழுங்கிவிட்டு 3.3 என்று காட்டும். அந்தப் பத்தியை அப்படியே கூட்டினால் என்ன ஆகிறது? பம்ப் கம்பெனிக்கு 14.55, வால்வுக்கு 13.05, கியருக்கு 13.30, ஆக 40.90 ‘மணி’ வருகிறது. நிமிடமாக்கிக் கூட்டினால் பம்ப்புக்கு 15 மணி 35 நிமிடம், வால்வுக்கு 13 மணி 45 நிமிடம், கியருக்கு 14 மணி 10 நிமிடம், ஆக 43 மணி 30 நிமிடம். இரண்டுக்கும் வித்தியாசம் 2.6 மணி. அவரவர் ரேட்டில் பெருக்கினால் ஏறக்குறைய 1,768 ரூபாய். ஒரே ஆள், ஒரே வாரம்.

இந்தப் பிழையில் கவனிக்க வேண்டியது அதன் திசை. அது ஒருநாளும் கூடுதலாகக் காட்டாது. முப்பது நிமிடத்தை அறுபதால் வகுப்பதற்குப் பதில் நூறால் வகுக்கிறோம். ஆகவே எப்போதும் குறைவாகத்தான் வரும். வாடிக்கையாளர் தனக்குக் குறைவாக வந்த பில்லைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டார். வருடக்கணக்கில் நடந்தாலும் வெளியிலிருந்து ஒரு குரலும் வராது. ஆபீஸ் வைத்திருப்பவருக்கு ‘ஆள் முழுநேரம் வேலை செய்கிறான், பில் ஏன் இவ்வளவுதான் வருகிறது’ என்ற மனக்குறை மட்டும் இருந்துகொண்டே இருக்கும்.

எழுதியிருப்பது நிமிடமா, தசமமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒரே ஆளின் தாள் முழுவதையும் பார்க்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் 15, 20, 45 போன்றவை வந்து 60-க்கு மேல் எதுவும் வராமல் இருந்தால் அது நிமிடம். .75 என்று ஒரு இடத்தில் வந்துவிட்டாலே அவர் தசமத்தில் எழுதுகிறார். சிக்கல் ‘2.5’ என்று ஒற்றை இலக்கத்தோடு நிற்கும் இடத்தில். இரண்டரை மணியா, இரண்டு மணி ஐந்து நிமிடமா, இரண்டு மணி ஐம்பது நிமிடமா? அந்த எண்ணைப் பார்த்து யோசிப்பதில் பயனில்லை. தொடக்கமும் முடிவும்தான் சொல்லும். ஒரே ஆபீஸில் ஒருவர் நிமிடத்திலும் இன்னொருவர் தசமத்திலும் எழுதுவதும் உண்டு. அதனால் இந்த முடிவை ஆளுக்கு ஆள் தனியாக எடுக்க வேண்டும்.

எனவே எக்செல்லில் நான் சொல்லும் ஏற்பாடு இது. A முதல் E வரை தாளில் இருப்பதை அப்படியே பெயர்க்க வேண்டும், ஒரு எழுத்தும் திருத்தாமல். தொடக்கம், முடிவு இரண்டையும் மட்டும் 9:30 என்று முக்காற்புள்ளி வைத்துத் தட்ட வேண்டும், அப்போதுதான் எக்செல் அதை நேரமாக எடுத்துக்கொள்ளும். F பத்தியில் இது எந்த வாடிக்கையாளருக்கு என்று நாம் முடிவு செய்ததை எழுத வேண்டும். G பத்தி கடிகாரத்திலிருந்து வரும் நிமிடம். H பத்தி அவர் எழுதிய மணியிலிருந்து வரும் நிமிடம்.

```
G2:  =ROUND(MOD(D2-C2,0.5)*1440,0)
H2:  =INT(E2)*60+ROUND(MOD(E2,1)*100,0)
I2:  =IF(G2=H2,"","பார்")
```

முதல் வரியில் உள்ள 0.5-க்குக் காரணம் இருக்கிறது. எக்செல்லுக்கு ஒரு நாள் என்பது 1. பாதி நாள், அதாவது 12 மணி நேரம், 0.5. நம் தாளில் காலை, மாலை என்று யாரும் எழுதுவதில்லை. 9.30-இலிருந்து 1.00 என்றால் மதியம் ஒரு மணி என்று மனிதருக்குத் தெரியும். எக்செல் அதை விடிகாலை ஒரு மணியாக எடுத்துக் கழித்து, வெறும் ##### என்று கட்டத்தை நிரப்பிவிடும். 12 மணி நேரச் சுற்றில் கழித்தால், 9.30 முதல் 1.00 வரை மூன்றரை மணி என்று சரியாக வருகிறது. வெள்ளி இரவு 10.00 முதல் 12.40 வரையும் நள்ளிரவு தாண்டியும் 2 மணி 40 நிமிடம் என்றே வருகிறது. ஒரே மூச்சில் 12 மணி நேரமோ அதற்கு மேலோ யாரும் ஒரு வரி எழுதுவதில்லை என்பதை நம்பித்தான் இந்தச் சூத்திரம் நிற்கிறது. எழுதினால் கவிழ்ந்துவிடும். ஆனால் அப்போது H பத்தி காட்டிக்கொடுக்கும். எழுதியவர் தசமக்காரர் என்றால் H2-இல் `=ROUND(E2*60,0)` போதும்.

வெள்ளி இரவு வரி இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. காலை 9.30 முதல் 1.00 வரை ஒரு வேலை இருக்க, 10.00 முதல் 12.40 வரை இன்னொரு வேலை எப்படி? இரவு என்று வரிசையை வைத்து ஊகிக்கலாம், 5.00 மணிக்கு முடிந்த வேலைக்குக் கீழே எழுதியிருக்கிறார். ஆனால் பில்லில் போகும் விஷயத்தில் ஊகம் போதாது. ஆளைக் கேட்டு, ‘இரவு’ என்று குறித்துவைப்பதுதான் சரி. நாளை வாடிக்கையாளர் ‘ஒரே நேரத்தில் இரண்டு வேலையா’ என்று கேட்டால் பதில் கையில் இருக்க வேண்டும்.

எண்கள் எல்லாம் ஒத்துப்போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். நாள்வாரியாக 8, 8, 8 மணி, பிறகு 7.50, 9.25, 3.45. மொத்தம் சரியாக 45 மணி. வாடிக்கையாளர்வாரியாக மூன்றும், மீட்டிங்குக்கான ஒன்றரை மணியும் சேர்ந்தும் 45 மணி. குறுக்கும் நெடுக்கும் ஒரே எண் வந்துவிட்டது. (எக்செல்லில் நேரமாகவே கூட்டினால் இங்கே 21:00 என்று காட்டும். 24 மணி தாண்டியதும் அடுத்த நாள் என்று சுற்றிவிடுகிறது. கட்டத்தின் அமைப்பை `[h]:mm` என்று மாற்றினால் 45:00 வரும். நிமிடத்தில் கணக்கு வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.)

இங்கேதான் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். ஆனால் இந்த 45 மணி ஒன்றை மட்டும்தான் உறுதிசெய்கிறது: எண்கள் சிந்தாமல் வந்து சேர்ந்தன என்பதை. எந்த எண் யாருடையது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

புதன்கிழமை ‘பம்ப் வால்வு’ என்று ஒரு வரி இருக்கிறதே, அது யாருக்கு? பம்ப் கம்பெனிக்காகப் போட்ட வால்வு வரைபடமா, வால்வு கம்பெனி ஏதோ ஒரு பம்ப்புக்காகச் செய்யும் வால்வா? தட்டுபவர் கண்ணில் கடைசியாகப் பட்ட சொல் ‘வால்வு’ என்பதால் ஓசூர் கணக்கில் போட்டுவிட்டால், அவர்கள் செய்யச் சொல்லாத வேலைக்கு 1,516 ரூபாய் 67 காசு அவர்கள் பில்லில் ஏறும். கோவைக் கம்பெனிக்கு 1,400 ரூபாய் குறையும். G-யும் H-உம் ஒத்துப்போகும், 45-உம் அப்படியே நிற்கும். சாய்ந்த படத்தில் கண் ஒரு வரி நழுவினாலும் இதே கதைதான். தொடக்கம், முடிவு, மணி மூன்றும் சேர்ந்து நழுவுவதால் எந்தச் சரிபார்ப்பும் மூச்சுவிடாது.

வெள்ளிக்கிழமை காலையில் உள்ள ‘மேற்படி’ குறி இன்னும் நுட்பமானது. மேலே இருப்பது வியாழன் மதியம், ‘பம்ப்’. ஆகவே பம்ப். ஆனால் வியாழனோடு முதல் தாள் முடிந்து வெள்ளி புதுத் தாளில் தொடங்கியிருந்தால்? இரண்டாவது படத்தின் உச்சியில், தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் இரண்டு கோடுகள் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு ஆட்களின் படங்கள் ஒரே குழுவில் மாறிமாறி வந்திருந்தால், அந்தக் குறி வேறொருவர் தாளின் கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளவும் கூடும். 3 மணி 30 நிமிடம், 2,100 ரூபாய், இரண்டு சின்னக் கோடுகளை நம்பி நிற்கிறது.

இந்த வகைப் பிழைக்குத் தாளுக்குள் மருந்து கிடையாது, வெளியே போக வேண்டும். டிசைன் ஆபீஸில் எந்த வரைபடம் எந்த எண், எந்தத் திருத்தம், என்று யாருக்குப் போனது என்ற பதிவேடு ஒன்று இருக்கும். புதன் மதியமும் வெள்ளி காலையும் அந்த ஆள் எந்த வரைபடத்தைச் சேமித்தார் என்பது கோப்பின் தேதியிலேயே தெரியும். நம் எடுத்துக்காட்டில் இரண்டும் பம்ப் கம்பெனியின் வரைபட எண்களாகவே வருகின்றன என்று கொண்டுதான் மேலே 15 மணி 35 நிமிடம் என்று போட்டேன். என்னைக் கேட்டால், டைம்ஷீட்டில் ‘வேலை’ என்ற பத்தியை எடுத்துவிட்டு ‘வரைபட எண்’ என்று மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். எழுதுபவருக்கும் அது சுருக்கம். அந்த எண்ணுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான் உண்டு.

மீட்டிங்குக்கான ஒன்றரை மணி யாருக்கும் பில் ஆகாது. அதை மூன்று பேருக்கும் பங்கு போட்டுச் சேர்த்துவிடும் ஆபீஸ்கள் உண்டு. அது தவறு என்பது என் கருத்து. ஆபீஸின் சொந்தச் செலவு மணி ரேட்டுக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டியது. இதைவிட ஆழமான கேள்வி, ஒரே வேலையை இரண்டு பேருக்கு விற்பது. போன மாதம் பம்ப் கம்பெனிக்குப் போட்ட ஃபிளாஞ்ச் வரைபடத்தை நாலு அளவு மாற்றி வால்வு கம்பெனிக்குக் கொடுத்தால், முழு நேரத்தையும் மறுபடி பில் போடலாமா? மணிக்கணக்கில் பில் போடுவதை ஒரு தொழில்முறையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்க வழக்கறிஞர்கள். மணியைப் பத்தாகப் பிரித்து ஆறு நிமிடக் கணக்கில் எழுதுவது அங்கே சாதாரணம். அவர்களுடைய தேசிய சங்கம் 1993-இல் வெளியிட்ட நெறிமுறைக் கருத்துரை ஒன்று இதை நேராகவே எடுத்துப் பேசியது. ஒரே மணி நேரத்தை இரண்டு வாடிக்கையாளர்களிடம் வாங்கக்கூடாது, ஏற்கெனவே செய்த வேலையை மறுபடி பயன்படுத்தினால் முன்பு செலவான நேரத்தைப் புதியவரிடம் கேட்கக்கூடாது என்று அது சொன்னது. உண்மையில் செலவான நேரம்தான் பில். டைம்ஷீட்டை அடிப்படையாகக் கொண்ட எந்த பில்லுக்கும் இதுவே பொருந்தும். வேலையின் மதிப்புக்கு விலை வேண்டுமென்றால் வரைபடத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை.

அடுத்தது முழுமையாக்குவது. கால் மணி நேர அலகில் பில் போடுவதாக ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். அதோடு முடியவில்லை. ஒவ்வொரு வரியையும் முழுமையாக்குவதா, கடைசி மொத்தத்தை மட்டுமா? மேல்நோக்கியா, பக்கத்தில் உள்ள கால் மணிக்கா? வால்வு கம்பெனியின் நான்கு வரிகள் 4.30, 2.10, 3.20, 3.45. மொத்தம் 13 மணி 45 நிமிடம், அப்படியே கால் மணியில் சரியாக நிற்கிறது. வரிக்கு வரி மேல்நோக்கி ஏற்றினால் 2.10 என்பது 2.15 ஆகிறது, 3.20 என்பது 3.30 ஆகிறது; மொத்தம் 14 மணி. கால் மணி நேரம், 162 ரூபாய் 50 காசு எங்கிருந்தோ முளைத்துவிட்டது. ஒரு வாரத்தில் சின்னத் தொகைதான். நாலு பேர், நாலு வாரம், நாளுக்கு ஐந்தாறு சின்ன வரிகள் என்று போனால் வாடிக்கையாளர் கூட்டிப் பார்த்துக் கேட்கும் அளவுக்கு வளரும். மொத்தத்தில் ஒரே ஒரு முறை, பக்கத்துக் கால் மணிக்கு முழுமையாக்குவதே நியாயமானது. அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிட வேண்டும். அப்படிச் செய்தால் நம் கணக்கில் தசமமாகப் பம்ப்புக்கு 15.50, வால்வுக்கு 13.75, கியருக்கு 14.25 மணி. மொத்தம் 43.50, அதாவது உழைத்த நேரம் அப்படியே. இந்த வாரம் ஏற்றமும் இறக்கமும் சரிக்குச் சரியாகிவிட்டன. எல்லா வாரமும் இப்படி அமையாது.

முழுமையாக்கவே வேண்டாம், நிமிடத்துக்கு நிமிடம் பில் போடலாம் என்பவர்கள் இன்வாய்ஸில் 15.58 என்று அச்சிடக்கூடாது. 15 மணி 35 நிமிடத்துக்கு 600 வீதம் 9,350 ரூபாய். வாடிக்கையாளரின் கணக்காளர் 15.58-ஐ 600-ஆல் பெருக்கினால் 9,348 வரும். இரண்டு ரூபாய்க்காக பில் திரும்பி வந்து, பணம் பத்து நாள் தள்ளிப்போவது உண்டு. மணி, நிமிடம் என்றே எழுதிவிடலாம்.

இனி ரூபாய். பம்ப்புக்கு 15.50 மணிக்கு 9,300. வால்வுக்கு 13.75 மணிக்கு 8,937.50. கியருக்கு 14.25 மணிக்கு 11,400. இந்தச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வாடிக்கையாளர் தமிழ்நாட்டில் பதிவு பெற்றவர் என்றால், அதாவது அவர் ஜி.எஸ்.டி. எண் 33-இல் தொடங்கினால், மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். பெங்களூர்க் கம்பெனியின் எண் 29-இல் தொடங்கும், அங்கே ஐ.ஜி.எஸ்.டி. 18 என்று ஒரே வரி. தொகை ஒன்றுதான் என்பதால் மாற்றிப் போட்டாலும் பில்லின் அடி எண்ணில் தெரியாது, ஆனால் வரி போய்ச் சேரும் கணக்கு தவறிவிடும். ஒன்றைச் சொல்ல வேண்டும். இது இயந்திர பாக வரைபடம் என்பதால் வாங்குபவர் இருக்கும் மாநிலத்தைப் பார்க்கிறோம். கட்டட வரைபடமாக இருந்தால் கட்டடம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. கோவைக் கம்பெனியே கேட்டிருந்தாலும், கட்டடம் பெங்களூரில் என்றால் ஐ.ஜி.எஸ்.டி.தான்.

பம்ப் பில் எளிது. 9,300-க்கு 837-உம் 837-உம் சேர்த்து 10,974 ரூபாய். கியர் பில் 11,400-உம் 2,052-உம் சேர்த்து 13,452. வால்வு பில்லில்தான் ஒரு காசு தகராறு. 8,937.50-க்கு 9 சதவீதம் 804.375. காசில் நிறுத்தினால் 804.38, இரண்டும் சேர்ந்து 1,608.76. நேராக 18 சதவீதம் போட்டால் 1,608.75. எக்செல்லில் மொத்த வரியை ஒரு சூத்திரத்திலும் பிரித்த வரியை இன்னொரு சூத்திரத்திலும் போட்டிருப்பவர்களுக்கு இந்த ஒரு காசு அவ்வப்போது எட்டிப்பார்க்கும். பிரித்த இரண்டையும் முதலில் முழுமையாக்கி, பிறகு கூட்டுவதே முறை. 10,546.26 வருகிறது. ‘ரவுண்ட் ஆஃப்’ என்று தனி வரியில் 26 காசு கழித்து 10,546 ரூபாய்.

வாடிக்கையாளர் பிடிக்கும் டி.டி.எஸ். பில்லில் குறைத்துக் காட்ட வேண்டியதல்ல. அவர் பணம் தரும்போது பிடிப்பது. ஆனால் வங்கியில் எவ்வளவு விழும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால் அதற்கு முந்தைய தொகையின் மீதுதான் டி.டி.எஸ். தொழில்நுட்பச் சேவை என்று 2 சதவீதம் பிடித்தால் கியர் கம்பெனி 11,400-இல் 228 பிடித்துக்கொண்டு 13,224 ரூபாய் அனுப்பும். 13,452-இல் 2 சதவீதம் பிடித்து 13,182.96 அனுப்பினால் அவர்கள் பக்கம் தவறு, கேட்டு வாங்கலாம்.

இன்வாய்ஸ் எண் ஒரு நிதியாண்டுக்குள் விடுபடாமல் வரிசையாக வர வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. சேவை முடிந்த 30 நாளுக்குள் இன்வாய்ஸ் போட்டுவிட வேண்டும். மாதம் ஒருமுறை பில் போடுபவர்கள் முதல் வாரத் தாளைத் தொலைத்துவிட்டு மாதக் கடைசியில் தேடுவது இந்தக் கெடுவோடு மோதும். வாராவாரம் நிமிடக் கணக்கை முடித்துவைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் கூட்டி மட்டும் பில் போட்டால் அந்த ஓட்டம் இல்லை. சந்தேகம் வந்த வரிகளை அந்த வாரமே ஆளைக் கேட்டுவிட முடியும் என்பதும் ஒரு லாபம். மூன்று வாரம் கழித்து ‘புதன் மதியம் என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் எவருக்கும் நினைவிருக்காது.

கடைசியாக அந்தப் படம். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கு ஆவணங்களை அந்தந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்குத் தாக்கல் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏன் பில் போட்டோம் என்பதற்கு மூல ஆதாரம் பேனாவால் எழுதிய தாளும் அதன் படமும்தான். வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் படம் கைபேசி மாறினால் போய்விடக்கூடும். ஆள், வாரம், பக்க எண் மூன்றையும் கோப்பின் பெயராக வைத்து ஆபீஸ் கணினியில் போட்டு, அதே பெயரை எக்செல் தாளின் தலையிலும் இன்வாய்ஸ் எண்ணுக்கு நேரேயும் எழுதிவைக்க வேண்டும். இரண்டு பக்கத் தாள் என்றால் ‘1/2’, ‘2/2’ என்று தாளிலேயே எழுதிவிட்டுப் படமெடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையின் அந்த இரண்டு கோடுகள் அப்போது எந்த வரியைச் சேர்ந்தவை என்பதில் சந்தேகம் வராது.